ஆடிக் காத்துல காலர் மைக்: முப்பந்தல்ல எடுத்த பேட்டி பூரா டப்டப்

நாஞ்சில்_நடை

வணக்கம் மக்களே. போன ஞாயித்துக்கிழமை தோவாளைப் பூச்சந்தையில மாணிக்க மாலை கட்டுற ஒரு அண்ணாச்சியைப் பேட்டி எடுத்தேன். அங்க முடிச்சிட்டு, முப்பந்தல்ல காத்தாடி பக்கத்துல நின்னு ரெண்டு பேரும் பேசுற மாதிரி ஒரு பாகம் எடுத்தோம். ஆடி மாசம் அந்தக் கணவாயில காத்து எப்படி இருக்கும்னு எங்க ஊர்க்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம். பேசும்போதே வாயில மண்ணு.

மைக், ரெண்டு டிரான்ஸ்மிட்டர் ஒரு ரிசீவர் வர்ற வயர்லெஸ் செட். ரிசீவரைப் போன்ல சொருகி தம்பி ஒருத்தன் எடுத்தான். பெட்டியோட வந்த புசுபுசு மூடியை ரெண்டு டிரான்ஸ்மிட்டர்லயும் மாட்டித்தான் எடுத்தேன். அதுல சந்தேகமே இல்ல.

சந்தையில எடுத்தது தேறும். முப்பந்தல்ல எடுத்ததுல என் குரல் பரவாயில்ல, அண்ணாச்சி குரல்ல மட்டும் டப்டப்னு யாரோ தலையணையால மைக்கை அடிக்கிற மாதிரி சத்தம், நடுவுல கரகரப்பு வேற. கடைசியில காத்தாடியைப் பாத்து நடந்து போற இடத்துல என் குரலும் வெட்டி வெட்டி வருது. ஒரே செட், ஒரே நாள் வாங்கினது. ஒரு மைக் மட்டும் பழுதா? 14 நிமிஷப் பேட்டி. காப்பாத்த வழி உண்டா?

கோவை_கிளிக்

ப்ரோ, மைக் பழுதெல்லாம் இல்ல. காலர் மைக் பெரும்பாலும் நாலாபக்கமும் கேக்குற மைக். குரலும் கேக்கும், காத்தும் கேக்கும். ஒரு ஷாட்கன் மைக் வாங்குங்க, வாயை நோக்கிப் பிடிச்சா பக்கத்துல இருந்து வர்ற காத்து உள்ள வராது. இப்போதைக்கு எடிட்ல லோ கட், அதான் கீழ்ச் சத்தத்தை வெட்டுற ஃபில்டர், அதை 150 ஹெர்ட்ஸ்ல வெச்சா காத்து போயிரும். நான் வால்பாறையில எடுத்தது அப்படித்தான் சரி பண்ணேன்.

பூம்ராடு

லோ கட் விஷயம் பாதி சரி. ஷாட்கன் விஷயம் நேர் எதிர். திசை பாத்துக் கேக்குற மைக்குலதான் காத்துச் சத்தம் அதிகம். சத்தத்தைப் பிடிக்கிற அதோட கேப்சூலுக்கு முன்னாடியும் பின்னாடியும் காத்து போற வழி இருக்கும், அந்த ரெண்டு பக்க அழுத்த வித்தியாசத்தை வெச்சுத்தான் திசையையே கண்டுபிடிக்குது. காத்து அடிச்சா அந்த வித்தியாசம் கன்னாபின்னான்னு எகிறும். நாலாபக்கமும் கேக்குற மைக்குக்கு ஒரே வாசல்தான், அதனால காத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கும். படப்பிடிப்புல ஷாட்கன்னை ஒரு பெரிய கூண்டுக்குள்ள வெச்சு, மேல புசுபுசுத் துணி போர்த்தி எடுத்துட்டுப் போறது சும்மா அழகுக்கு இல்ல.

தம்பி நாஞ்சில், மூணு கேள்வி. பதில் வந்தா மைக் பழுதா இல்லையான்னு இங்க இருந்தே சொல்லிடலாம்.

ஒண்ணு: அண்ணாச்சி பேசாம இருக்கிற நேரத்துலயும் அந்த டப்டப் வருதா?

ரெண்டு: அவர் குரலை ஆடாசிட்டியில திறந்து `View` மெனுல `Show Clipping in Waveform` போடு. சிவப்புக் கோடு எங்கெங்க வருதுன்னு பாரு.

மூணு: உன் குரல் வெட்டுற இடத்துல காத்துச் சத்தமும் சேந்து காணாமப் போகுதா, இல்ல குரல் மட்டும் காத்துல அமுங்குதா?

மது_அடுப்படி

எனக்கும் இதே பிரச்சினைதான் அண்ணா. வீட்டுல சமையல் வீடியோ எடுக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தம் ஓன்னு வருது. புசுபுசு மூடி போட்டுப் பாத்தேன், கொஞ்சம்கூடக் குறையல. மட்டமான மூடியா இருக்குமோ?

பூம்ராடு

மது, உங்க மூடி மேல தப்பில்ல. உங்களுது வேற கதை. ஃபேன் சத்தம்ங்கிறது நிஜமான சத்தம், அங்க நிக்கிற உங்களுக்கே காதுல கேக்குது. மூடி அதை உள்ள விடத்தான் செய்யும், உங்க குரலை விடுற மாதிரியே. காத்துச் சத்தம் அப்படி இல்ல. அது எங்கிருந்தோ வர்ற சத்தமே கிடையாது. காத்து மைக் வாசல்ல மோதிச் சுழலும்போது அங்கேயே பிறக்குறது. அண்ணாச்சி பக்கத்துல நின்னவங்க யாருக்கும் அந்த டப்டப் கேட்டிருக்காது.

மூடியோட வேலை, மைக்கைச் சுத்திக் கொஞ்சம் அசையாத காத்தைப் பிடிச்சு வெக்கிறது. முடி நுனியில காத்து வேகம் குறைஞ்சு, உள்ள போகப்போக ஓஞ்சிடும். குரல் மட்டும் உள்ள வரும். உங்களுக்கு ஃபேனை நிறுத்திட்டுப் பேசுறது, முடியலைன்னா மைக்கை வாய்ப்பக்கம் ஏத்தி வெக்கிறது, ரெண்டுதான் வழி.

நாஞ்சில்_நடை

பாத்துட்டேன் அண்ணே.

ஒண்ணு: ஆமா, அவர் வாயே திறக்காத இடத்துலயும் வருது. காத்து ஓங்கி வீசும்போது மட்டும்.

ரெண்டு: முப்பந்தல் பாகம் பூரா சிவப்பு. என் டிராக்ல மொத்தமே நாலஞ்சு இடம்தான்.

மூணு: குரலும் காத்தும் சேந்தே போகுது. சுத்தமா ஒண்ணுமே இல்ல, அரை வினாடி வெறுமை, அப்புறம் திரும்ப வருது.

பூம்ராடு

மூணாவது காத்தே இல்ல, அது சிக்னல் அறுந்தது. காத்துன்னா சத்தம் கூடும், வெறுமை ஆகாது. நீ நடந்து போறப்ப தம்பி பின்னாடி இருந்து எடுத்தானா? மைக் உன் நெஞ்சுல, ரிசீவர் உன் முதுகுக்குப் பின்னாடி. நடுவுல நீ. இந்த செட்டெல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஓடுது, மனுஷ உடம்பு பெரும்பாலும் தண்ணி, அந்த அலையைக் குடிச்சிடும். பெட்டி மேல 200 மீட்டர்னு போட்டிருக்கிறது, ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு இருக்கிற வெட்டவெளிக் கணக்கு. முதுகைக் காட்டிட்டா எனக்கு இருபது மீட்டர்லயே அறுந்திருக்கு. திரும்பி நடக்கிற ஷாட்டுன்னா டிரான்ஸ்மிட்டரை இடுப்புக்குப் பின்னாடி பெல்ட்ல மாட்டு, வயர் மைக்கை மட்டும் நெஞ்சுக்குக் கொண்டு வா.

உன் டிரான்ஸ்மிட்டர்ல உள்ளேயே பதிவாகுற வசதி இருக்கான்னு பாரு. ஆன்ல இருந்திருந்தா அந்த இடங்கள் முழுசா உள்ள இருக்கும்.

இப்ப முதல் ரெண்டு. அவர் மைக் பழுதில்ல, காத்தேதான். ஆனா ஒரே இடம், ஒரே மூடின்னு சொல்ற. அப்ப உன்னைவிட அவருக்கு இவ்வளவு அதிகமா வரக்கூடாது. டிரான்ஸ்மிட்டரை அவர் சட்டையில எங்க, எப்படி மாட்டினேன்னு விவரமாச் சொல்லு.

நாஞ்சில்_நடை

அண்ணாச்சி சட்டையில பெரிய டிரான்ஸ்மிட்டர் அசிங்கமாத் தெரியுதுன்னு, அவருக்கு மட்டும் செட்டோட வந்த வயர் காலர் மைக்கைச் சொருகினேன். டிரான்ஸ்மிட்டர் பாக்கெட்டுல. மூடி போட்டுத்தான்

டைப் பண்ணும்போதே புரிஞ்சிடுச்சு.

மூடியைப் பாக்கெட்டுல இருந்த டிரான்ஸ்மிட்டர்லல்லா போட்டுருக்கேன்.

பூம்ராடு

😄 வயரைச் சொருகினதும் டிரான்ஸ்மிட்டர்ல இருக்கிற மைக் வாயை மூடிக்கும். நீ கேக்காத காதுக்குக் குல்லா மாட்டியிருக்க. கேக்குற காதுல இருந்தது கடலைப்பருப்பு சைஸ் பஞ்சு. அந்தப் பஞ்சு 'ப', 'ஃப' சொல்றப்ப வர்ற மூச்சுக்குத்தான். வெளிய லேசான காத்தைத் தாங்கும், ஆடிக்காத்துக்கு ஆகாது.

வெட்கப்படாத. ஒரு கல்யாணத்துல நானே இதைப் பண்ணியிருக்கேன். வயர் மைக் நுனிக்குன்னே குட்டி ஃபர் பந்து தனியா விக்குது, ரெண்டு வாங்கி வெச்சுக்கோ. ஒண்ணு கண்டிப்பாத் தொலையும்.

கோவை_கிளிக்

சரி, அப்ப எடிட்ல லோ கட் போட்டா போகும்ங்கிறது சரிதானே? அதுல ஏன் பாதி சரின்னு சொன்னீங்க?

பூம்ராடு

காத்தோட பலம் பெரும்பாலும் அடிமட்டத்துல, 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ. ஆம்பளைக் குரலே 100 பக்கத்துல இருந்துதான் ஆரம்பிக்குது. அதனால லோ கட்டை 100ல வெச்சா இரைச்சல் கொஞ்சம் குறையும், குரலும் பொழைக்கும். 150ல வெச்சா இன்னும் குறையும், ஆனா ஆள் போன்ல பேசுற மாதிரி ஆயிடுவார். வால்பாறையில உங்களுக்குச் சரியானது, காத்து மெதுவா இருந்ததால. அங்க சிவப்புக் கோடு வந்திருக்காது.

சிவப்புக் கோடு வந்துட்டா கதை வேற. காத்து ஒரு தள்ளு தள்ளும்போது, பதிவாகக்கூடிய உச்சத்தைச் சத்தம் தாண்டிடுது. தாண்டினது அப்படியே மொட்டையா வெட்டுப்படும். அந்த நொடியில காத்து மேலதான் குரல் சவாரி பண்ணிட்டு இருக்கு, அதுவும் சேந்து வெட்டுப்பட்டிருக்கும். அப்புறம் கீழ்ச் சத்தத்தை மட்டும் உருவி எடுத்தாலும் வெட்டுப்பட்ட குரல் வளராது. அந்தக் கரகரப்பு அதுதான்.

ரிசீவர்ல இருக்கிற லோ கட் பட்டனும் பல செட்டுல இந்த வெட்டுக்கு அப்புறம்தான் வேலை செய்யுது, அதை நம்பி மூடி இல்லாமப் போகக்கூடாது. 32 பிட் ஃப்ளோட்னு வர்ற செட்டுல உச்சம் தாண்டினதை இறக்கிக்கலாம், உண்மைதான். ஆனா காத்து அதுக்குள்ளயும் முழுசா இருக்கும். கேப்சூலே திணறியிருந்தா அதையும் காப்பாத்தாது.

தம்பி, உன் ஃபைலுக்கு இப்படிச் செஞ்சு பாரு. முதல்ல `Clip Fix`, அப்புறம் லோ கட்டுக்கு `High-Pass Filter`ல 100 ஹெர்ட்ஸ், `Roll-off` 24 dB. வரிசையை மாத்தாத. ஃபில்டரை முதல்ல போட்டா வெட்டுப்பட்ட இடம் எதுன்னு அதுக்கே தெரியாமப் போயிடும். அதிசயம் எதிர்பாக்காத.

செலவில்லா_சினிமா

எல்லாரும் ஏன் காசு கொட்டுறீங்க? பழைய கரடி பொம்மைத் தோலை வெட்டி, மைக் மேல சுத்தி ரப்பர் பேண்ட் போட்டேன். 0 ரூபாய். மெரினாவுல சாயங்காலம் எடுத்தேன், காத்தே இல்ல.

பூம்ராடு

முடி ஓக்கே. முடியைப் பிடிச்சிருக்கிற அடித்துணியைக் கவனி. பொம்மைத் துணியில அது கெட்டியா, சில சமயம் பசை தடவி இருக்கும். அந்தத் துணியை உதட்டுல வெச்சு ஊதிப் பாரு. மூச்சு தாராளமா வெளிய போகலைன்னா குரலும் தாராளமா உள்ள வராது. 'ச', 'ஸ' எல்லாம் மங்கியிருக்கான்னு கேளு.

செலவில்லா_சினிமா

ஊதினேன். கன்னம் உப்பினதுதான் மிச்சம் 😐 இருந்தாலும் என் குரல் கொஞ்சம் மங்கினா நல்லாத்தான் இருக்கு.

தெருமுனைப்_பேட்டி

தாமதமா வர்றேன். சென்னையில தெருப் பேட்டி எடுக்கிறவன். காலர் மைக்கை அண்ணாச்சி சட்டையில மாட்டணும்னே ஏன் கட்டாயம்? போற வர்றவங்க சட்டையில கை வெச்சு மைக் மாட்டுறது எனக்குச் சரியாப் படல, பெண்கள்னா சொல்லவே வேண்டாம். நான் டிரான்ஸ்மிட்டரை ஒரு கைப்பிடியில சொருகி, மேல மூடி போட்டு மைக் மாதிரி நீட்டுறேன். கேள்வி கேக்கும்போது என் பக்கம், பதிலுக்கு அவங்க பக்கம். ஒரு மைக், ஒரு மூடி, தப்பான இடத்துல மூடி போட வாய்ப்பே இல்ல.

சில பேர் வயர் மைக்கை ரெண்டு விரல்ல கிள்ளிப் பிடிச்சுக்கிட்டுப் பேசச் சொல்றாங்க. அது மட்டும் வேண்டாம். விரல் வாசலை மூடிடும், உரசுற சத்தம் வேற.

பூம்ராடு

ஒரு நிமிஷப் பேட்டிக்கு நீங்க சொல்றது சரி. 14 நிமிஷம் ஒருத்தர் பூக்கட்டிக்கிட்டே பேசுறார்னா கைமைக் ஒத்துவராது. நீட்டின கை பத்து நிமிஷத்துல தானா இறங்கும், வாய்க்கும் மைக்குக்கும் தூரம் இரட்டிப்பாச்சுன்னா குரல் 6 டெசிபெல் இறங்கிடும். அப்புறம் மைக்கை முகத்துக்கு முன்னாடி பாத்தாலே சில பேருக்குப் பேச்சு மாறிடுது, செய்தி வாசிக்கிற மாதிரி.

தெருமுனைப்_பேட்டி

பேச்சு மாறுதுங்கிறதை ஒத்துக்க மாட்டேன். மைக்கைப் பாத்தாதான் எங்க ஏரியாவுல ஆளுங்க வாயே திறக்குறாங்க. அவங்கவங்க அனுபவம்.

மது_அடுப்படி

அண்ணா, நான் அடுத்த மாசம் வெளியூர்ல சாப்பாட்டுக் கடை வீடியோ எடுக்கப் போறேன். புடவைக்கு மைக்கை எங்க மாட்டுறது? முந்தானையில மாட்டினா காத்துக்கு அது பறந்து பறந்து மைக் மேலேயே அடிக்குது. செயின் வேற இடிக்குது.

பூம்ராடு

இது நல்ல கேள்வி. முந்தானை வேண்டாம், அசையிற துணியில மைக் இருக்கவே கூடாது. தோள்ல பின் குத்தின மடிப்பு ஓரளவு அசையாது, அங்கிருந்து நெஞ்சுப் பக்கமா இறக்கி, வாயில இருந்து ஒரு சாண் தூரத்துல மாட்டுங்க. இல்லேன்னா ரவிக்கைக் கழுத்து விளிம்பு. டிரான்ஸ்மிட்டர் கனமா இருந்தா துணி தொங்கும், அதுக்கு வயர் மைக்தான் நல்லது. ஃபர் பந்து மைக்லதான், பாக்கெட்டுல இல்ல 😄

பருத்தின்னா பிரச்சினை கம்மி. பட்டு, பாலியஸ்டர் எல்லாம் சரசரன்னு உரசும். அந்தச் சத்தம் காத்து மாதிரி டப்டப்னு இருக்காது, மேல்ச் சத்தம், லோ கட் அதைத் தொடவே தொடாது. மைக்கைத் துணிக்குள்ள மறைக்கிறதா இருந்தா, மருந்துக்கடையில காயத்துக்கு ஒட்டுற பேப்பர் டேப் வாங்கி, பசை வெளிப்பக்கம் வர்ற மாதிரி முக்கோணமா மடிச்சு, மைக்குக்கு ரெண்டு பக்கமும் ஒட்டுங்க. துணியும் மைக்கும் ஒண்ணா அசைஞ்சா உரசல் இல்ல. நீளச் செயினை எடிட்ல ஒண்ணும் பண்ண முடியாது. கழட்டிடுங்க, இல்ல முதுகுப் பக்கம் திருப்பி விடுங்க.

நாஞ்சில்_நடை

அப்டேட்.

நல்ல சேதி: டிரான்ஸ்மிட்டர் உள்ள பதிவு ஆன்லதான் இருந்திருக்கு, எனக்கே தெரியாது. நடந்து போற இடத்துல என் குரல் வெட்டே இல்லாம முழுசாக் கிடைச்சிடுச்சு. கெட்ட சேதி: அண்ணாச்சி டிராக் உள்ளயும் அதே சிவப்புதான். `Clip Fix` போட்டு, லோ கட் போட்டு, கேக்கலாம்ங்கிற அளவுக்கு ஒரு அஞ்சு நிமிஷம் தேறிச்சு.

நேத்து நானும் தம்பியும் அதே இடத்துக்குப் போனோம். ஃபர் பந்து கடையில கிடைச்சுது. வயர் மைக்கை என் சட்டையில மாட்டி, நாலு தடவை ஒரே வாக்கியம், ஒவ்வொண்ணுலயும் பத்து வினாடி பேசாம நின்னேன். பஞ்சு மட்டும், காத்தைப் பாத்து: பேசாமலே மீட்டர் 0வை இடிக்குது. ஃபர் பந்து, காத்தைப் பாத்து: பேசாதப்ப -20 பக்கம், பேசினா -12. கேக்கலாம், ஆனா கீழ ஒரு உறுமல். ஃபர் பந்து, காத்துக்கு முதுகைக் காட்டி: பேசாதப்ப -30க்கும் கீழ. நாலாவதா ஃபர் பந்தோட காருக்கு மறைவுல நின்னேன், மூணாவதைவிடப் பெருசா வித்தியாசம் இல்ல. காரோட மூலையில நின்னப்ப மட்டும் சுழிச்சு அடிச்சு மோசமாச்சு.

பூம்ராடு

அந்தப் பத்து வினாடி மௌனம் எல்லா இடத்துலயும் எடு. பேசுறப்ப மீட்டரைப் பாத்தா ஒண்ணும் தெரியாது, குரல் எது, காத்து எதுன்னு பிரிக்க முடியாது. வாயை மூடினாத்தான் காத்தோட கணக்கு தெரியும். பேச்சு உச்சத்துக்கும் மௌனத்துக்கும் நடுவுல உனக்கு மூணாவதுல 18 டெசிபெலுக்கு மேல வந்திருக்கு, அது போதும். ரெண்டாவதுல 8தான், அதான் உறுமல்.

போன்ல ஆட்டோ லெவல் இருந்தா அணைச்சிடு. ஆள் பேச்சை நிறுத்தினதும் போன் தானா ஒலியைத் தூக்கும், நீ அடக்கி வெச்ச காத்தெல்லாம் வாக்கிய இடைவெளியில எட்டிப் பாக்கும். டிரான்ஸ்மிட்டர்ல இருக்கிற நாய்ஸ் கேன்சல் பட்டனையும் காத்துக்குன்னு அமுக்காத. குரல் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரிப் பதிவாகிடும், திரும்ப எடுக்க முடியாது.

கோவை_கிளிக்

முதுகைக் காட்டினா காத்தாடி ஃப்ரேம்ல வருமா ப்ரோ?

நாஞ்சில்_நடை

அதான் சிக்கல். ஆடியில இங்க காத்து மேக்க இருந்து. முதுகை மேக்கப் போட்டு நின்னா, சாயங்காலம் சூரியன் பின்னாடி வந்து முகம் கருக்குது. காலையில போனா முகத்துல நேரா வெயில், கண்ணைச் சுருக்கிக்கிட்டுத்தான் நிக்கணும். காலையில 8 மணிக்குள்ள முடிச்சிடலாம்னு பாக்கேன், ஆனா அண்ணாச்சிக்கு அதுதான் வியாபார நேரம்.

பைக்_பரமு

ஹெல்மெட்டுக்குள்ள மைக் வைக்கிறதுக்கும் இதே ஃபர் பந்து போதுமா? 60ல போனாலே இரையுது.

பூம்ராடு

ஹெல்மெட்டுல வாய்க்கு முன்னாடி வெக்காதீங்க, கன்னத்துப் பஞ்சுக்கும் தாடைக்கும் நடுவுல ஒதுக்கி வெச்சு, முன்னாடி இருக்கிற காத்து ஓட்டையை மூடிப் பாருங்க. ஹெல்மெட்டுக்கு ஹெல்மெட் மாறும், நான் அதுல அவ்வளவா வேலை பாத்ததில்ல. தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

நாஞ்சில்_நடை

அண்ணாச்சிகிட்டப் பேசிட்டேன். வர்ற புதன் மத்தியானம் வர்றேன்னுட்டார். "போன தடவை மாட்டின கறுப்புக் கடுகு போதும்டே, அந்த முடிப்பந்து வேண்டாம், எலிக்குஞ்சு மாதிரி இருக்கு"ன்னு ஒரே பிடிவாதம். அவர் மாலையில கட்டுற வெள்ளை அரளி நிறத்துல ஃபர் கிடைக்குமான்னு கடைக்காரர்கிட்டக் கேட்டிருக்கேன்.